வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து 20,000 டி-ஷர்ட்டுக்கான ஆர்டர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சிங்கிள் ஜெர்சி துணி, ஒரே அடர்நீலம். தையல் கழிவையும் சேர்த்து சட்டை ஒன்றுக்குத் தோராயமாக 200 கிராம் துணி என்றால் 4,000 கிலோ துணி வேண்டும். நிட்டிங்கிலும் டையிங்கிலும் போகும் எடையைக் கூட்டினால் நூல் கணக்கு 4,400 கிலோவில் வந்து நிற்கும். மூட்டைக்கு 50 கிலோ வீதம் 88 மூட்டை. மில்லில் விசாரித்தால், வேண்டிய 30 கவுண்ட் கோம்டு நூல் ஒரே லாட்டில் 95 மூட்டை இருக்கிறது, வேறு இரண்டு கம்பெனிகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்கிறார்கள்.

நூல் வாங்கும் பொறுப்பில் இருப்பவருக்கு அந்த நொடியே 'போட்டுக்கோங்க' என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கிலோ 270 ரூபாய் என்று வைத்தாலும் வரி சேராமலே 11 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அவ்வளவு தொகைக்கு அவர் கையெழுத்து செல்லாது. காஸ்டிங் ஷீட்டை மெர்ச்சண்டைசர் முடிக்க வேண்டும், அக்கவுண்ட்ஸில் பணம் எப்போது வரும் என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு எம்.டி. கையெழுத்துப் போட வேண்டும். எம்.டி. வெளியூரில் இருக்கிறார், வியாழக்கிழமைதான் வருகிறார். இன்று திங்கள். ஆகவே அவர் மில்லின் ஏஜென்டைக் கூப்பிட்டு, அந்த மூட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் சில நாள் வைத்திருக்கும்படி கேட்கிறார்.

கேட்பதற்கு எளிய உதவிபோலத்தான் தெரியும். நூல் மில் கோடவுனில்தான் இருக்கிறது, நாலு நாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். விற்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

முதலில், ஏன் அந்த 88 மூட்டையேதான் வேண்டும், அடுத்த வாரம் வரும் நூல் ஆகாதா என்று கேட்கலாம். லாட் என்பதில் இருக்கிறது விஷயம். மில்லில் பல ஊர்களிலிருந்து, பல தோட்டங்களிலிருந்து வந்த பஞ்சு பேல்களை ஒரு கணக்குப்படி கலந்து நூற்கிறார்கள். அந்தக் கலவை மாறினால் லாட் எண்ணும் மாறும். கண்ணுக்கு இரண்டு லாட்டும் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். பஞ்சு இழையின் முதிர்ச்சியும் மென்மையும் இம்மியளவு மாறினாலே சாயத்தை இழுக்கும் அளவு மாறிவிடும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் 90 கோன்கள் ஒரே சமயத்தில் நூல் கொடுப்பது சாதாரணம். அதில் பத்து கோன் வேறு லாட்டாக இருந்தால், துணி வெள்ளையாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. சாயப் பட்டறையிலிருந்து வெளியே வரும்போதுதான் குறுக்கே மெல்லிய பட்டைகள் ஓடியிருப்பது தெரியும். அதற்குள் நூல் துணியாகியிருக்கும், சாயக்கூலியும் ஏறியிருக்கும், திரும்பப் போக வழி கிடையாது.

கட்டாயம் வந்தால் இரண்டு லாட்டையும் தனித்தனியாகப் பின்னி, தனித்தனியாகச் சாயமேற்றி, ஒரு சட்டையின் உடலும் கையும் ஒரே லாட் துணியிலிருந்து வரும்படி வெட்டலாம். செய்கிறார்கள். ஆனால் தையல் மேசைவரை அந்தப் பிரிவைக் காப்பாற்றிக் கொண்டுபோவது ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு காவலாளி வேண்டிய வேலை. நம் கதையில் 95 மூட்டையிலிருந்து யாரோ 20 மூட்டை எடுத்துப் போனால் மீதி 75. மில்லைப் பொறுத்தவரை அது நல்ல வியாபாரம். நமக்கோ அந்த 75 மூட்டையும் அரைகுறைதான். ஆகவே நாம் பிடித்து வைக்கச் சொல்வது 4,400 கிலோ நூலை மட்டுமல்ல, அந்த ஒரு லாட் எண்ணை. ஏஜென்டிடம் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால், '88 மூட்டை வெச்சிருக்கேன்' என்பதன் பொருள் எந்த லாட்டிலாவது 88 மூட்டை என்று ஆகிவிடும்.

இனி மில்லின் கணக்கைப் பார்க்கலாம். பன்னிரண்டு லட்ச ரூபாய்ச் சரக்கு சும்மா கிடந்தால் வட்டி நஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் வைத்துப் பார்த்தாலும் நாளொன்றுக்கு 300 ரூபாய்ச் சொச்சம்தான் வரும். நாலு நாளுக்கு ஆயிரத்து முந்நூறு. இதற்காக எந்த மில்லும் முகம் சுளிக்காது. சுளிப்பதற்குக் காரணம் விலை. கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் இந்த 88 மூட்டையில் மட்டும் 44,000 ரூபாய். விலை ஏறினால் நாம் பழைய விலையில் எடுத்துக்கொள்வோம். இறங்கினால், 'அப்ரூவல் வரலைங்க' என்று சொல்லி விட்டுவிட முடியும். ஏற்றத்தின் லாபம் நமக்கு, இறக்கத்தின் நஷ்டம் அவருக்கு. பங்குச் சந்தையில் இதே வசதிக்கு ஆப்ஷன் என்று பெயர், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். திருப்பூரில் அதை ஒரு போன் காலில் இலவசமாகக் கேட்கிறோம்.

நூல் விலை எவ்வளவு ஆடும் என்பதை இந்த ஊர் மறந்திருக்காது. 2021, 2022-இல் பஞ்சு விலையும் நூல் விலையும் ஏறிய வேகத்தில் திருப்பூரில் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தன. 2022 ஏப்ரலில் மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரியை நீக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டு மில்கள் பொதுவாக மாதத் தொடக்கத்தில் புது விலைப் பட்டியல் விடுவது வழக்கம். ஆகவே பத்தாம் தேதி நாலு நாள் அவகாசம் கேட்பதும், இருபத்தெட்டாம் தேதி கேட்பதும் ஒன்றல்ல. முன்னதில் சரக்கை மட்டும் கேட்கிறோம். பின்னதில் விலையையும் சேர்த்துக் கேட்கிறோம், ஆனால் பெரும்பாலும் அதைச் சொல்லாமல் கேட்கிறோம். சண்டை முளைப்பது அங்கேதான்.

நம் கதையில் திங்கள் 28-ஆம் தேதி, வியாழன் ஒன்றாம் தேதி, வெள்ளி இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அண்ணா, அந்தக் கோம்டு லாட்ல 88 மூட்டை நமக்கு வெச்சிருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பி.ஓ. கைக்கு வந்துரும்."

"வெச்சிரலாம் தம்பி. ஒண்ணாந்தேதி புது ரேட் வருதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அதைத்தான் கேக்கறேன். 270-லயே நிக்குமா?"

"சரக்கு நிக்கும். ரேட்டுக்கு நான் மில்லுல கேட்டுத்தான் சொல்லணும்."

இந்த ஏஜென்ட் நல்ல ஏஜென்ட். கேட்டதற்கெல்லாம் 'பாத்துக்கலாம் தம்பி' என்பவரைவிட இவர் எவ்வளவோ மேல். சரக்கை நிறுத்துவது அவர் கையில் இருக்கிறது, விலையை நிறுத்துவது மில் முதலாளி கையில் இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். நடுவே ஒரு சமரசமும் உண்டு: புதன் மாலைக்குள் பி.ஓ. வந்தால் பழைய விலை, அதற்குப் பின் வெள்ளி வரை சரக்கு மட்டும் நிற்கும், விலை புதுப் பட்டியல்படி. இது நியாயமான பேச்சு. நம் எம்.டி. வியாழன்தான் வருகிறார் என்பதால் பழைய விலையை விட்டுக்கொடுக்க நேரலாம். அப்படியானால் காஸ்டிங் ஷீட்டில் 270-க்குப் பதில் 280 போட்டாலும் ஆர்டர் தாங்குமா என்று மெர்ச்சண்டைசரிடம் திங்களன்றே கேட்டுவிட வேண்டும். தாங்காது என்றால் எம்.டி.க்கு வெளியூரிலேயே போன் போட ஒரு நல்ல காரணம் கிடைத்தது. பல கம்பெனிகளில் ஒப்புதல் தாமதமாவது யாரும் மறுப்பதால் அல்ல. 'இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் 44,000 ரூபாய் போகும்' என்ற வரி அவர் கண்ணில் படாததால்தான்.

பேசி முடித்த கையோடு எழுத்தில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் போதும், மெயில் என்றால் இன்னும் நல்லது. நீட்டி முழக்க வேண்டியதில்லை:

"பேசியபடி, 30 கவுண்ட் கோம்டு நூல், நீங்கள் சொன்ன லாட் எண்ணில் 88 மூட்டை, 4,400 கிலோ, எங்களுக்காக 2-ஆம் தேதி வெள்ளி மாலை 5 மணி வரை நிறுத்தி வைக்கிறீர்கள். விலை: 30-ஆம் தேதி மாலைக்குள் பி.ஓ. வந்தால் கிலோ 270 ரூபாய், பிறகு வந்தால் புதுப் பட்டியல். இது ஆர்டர் அல்ல. எங்கள் எம்.டி. ஒப்புதல் வந்த பிறகே பி.ஓ. வரும். வராவிட்டாலும் வெள்ளி 5 மணிக்கு முன் நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம். நடுவில் வேறு யாராவது உறுதியாகக் கேட்டால், கொடுப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்."

'இது ஆர்டர் அல்ல' என்று எழுதச் சிலர் கூச்சப்படுவார்கள், ஏஜென்ட் தளர்ந்துவிடுவார் என்று. எழுதாவிட்டால் ஆபத்து நமக்குத்தான். ஒப்புதல் இல்லாமல் ஓர் ஊழியர் அனுப்பிய செய்தியை மில் ஆர்டராக எடுத்துக்கொண்டு லாரியில் ஏற்றிவிட்டால், இறக்குவதா திருப்புவதா என்ற பஞ்சாயத்து வாசலில் நடக்கும். கடைசி வரி இன்னும் முக்கியம். அதன்படி போன் வந்தால், நிறுவனத்துக்குள் அவசரமாக முடிவெடுக்க வைக்க ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.

'நாலு நாள்' என்று எழுதக் கூடாது. திங்களைச் சேர்த்தா, விட்டா என்று ஒரு குழப்பம். ஞாயிறு குறுக்கே வந்தால் இன்னொரு குழப்பம். தேதியும் மணியும்தான் கணக்கு. எம்.டி. வியாழன் வருகிறார் என்றால் வியாழன் கேட்பதும் தவறு, அடுத்த புதன் கேட்பதும் தவறு. வந்த அன்றே மேசைமேல் இருப்பதையெல்லாம் அவர் பார்த்துவிட மாட்டார், ஆகவே ஒரு நாள் கூட்டி வெள்ளி. அதற்குமேல் கேட்டால், நம் ஆர்டரே இன்னும் உறுதியாகவில்லை போல என்று ஏஜென்ட் சரியாகவே ஊகிப்பார்.

இப்படி எழுதி வாங்கினால் மில் சட்டப்படி கட்டுப்பட்டதா? பெரும்பாலும் இல்லை. இது புதுப் பிரச்சினையும் அல்ல. இங்கிலாந்தில் 1874 ஜூன் மாதம் டாட்ஸ் என்பவர் தன் சொத்தை 800 பவுண்டுக்கு டிக்கின்சன் என்பவருக்கு விற்கத் தயார் என்றும், 12-ஆம் தேதி வெள்ளி காலை 9 மணி வரை அந்த வாய்ப்பு திறந்திருக்கும் என்றும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வியாழனன்றே ஆலன் என்பவருக்கு விற்றுவிட்டார். அதைக் கேள்விப்பட்ட டிக்கின்சன், டாட்ஸ் தங்கியிருந்த மாமியார் வீட்டில் சம்மதக் கடிதத்தைக் கொடுத்தார். வெள்ளி காலை, 9 மணிக்கு முன்பே, டார்லிங்டன் ரயில் நிலையத்தில் அவருடைய ஆள் டாட்ஸைப் பிடித்து இன்னொரு பிரதியையும் கையில் திணித்தார். வழக்கு 1876-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. டிக்கின்சன் தோற்றார். வெள்ளி வரை காத்திருக்கிறேன் என்ற வாக்குக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே அது டாட்ஸைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

நம் ஊர்ச் சட்டமும் ஏறக்குறைய இதே பக்கம்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, முன்வைத்த ஒருவர், எதிராளி சம்மதம் சொல்லி முடிக்கும் முன் தன் வார்த்தையைத் திரும்பப் பெறலாம். பிரதிபலன் இல்லாத உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது என்கிறது 25-ஆம் பிரிவு. எனவே வெறும் வாக்கில் நிற்கும் சரக்கு ஏஜென்டின் நாணயத்தில் நிற்கிறது. அதை உறுதிப்படுத்த ஒரே வழி ஏதாவது கொடுப்பது. 25,000 ரூபாய் டோக்கன் கொடுக்கலாம். வாங்காவிட்டால் அது திரும்புமா, போய்விடுமா, எவ்வளவு போகும் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிட வேண்டும். திரும்பும் என்று இரு தரப்பும் மனதுக்குள் வேறுவேறாக நினைத்துக்கொண்ட டோக்கன்களால் முறிந்த உறவுகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

டோக்கனைவிட எனக்குப் பிடித்தது வேறொரு வழி. பல நிறுவனங்களில் கொள்முதல் பொறுப்பாளருக்குக் கொஞ்சம் தொகைவரை தானே வாங்கும் அதிகாரம் இருக்கும். அது மூன்று லட்சம் என்றால், அந்த லாட்டில் 20 மூட்டையை இன்றே நேராக வாங்கிவிடலாம். 1,000 கிலோ, 2 லட்சத்து 70 ஆயிரம். 30 கவுண்ட் கோம்டு எந்த ஆர்டருக்கும் ஆகிற நூல், இந்த ஆர்டர் நழுவினாலும் வீணாகாது. மில்லுக்கு நாம் வெறும் பேச்சல்ல என்று தெரிந்துவிடும். அதைவிட, காத்திருக்கும் நாலு நாளில் ஒரு கோனைப் பின்னி, சாயமேற்றி, துணி சுத்தமாக வருகிறதா என்று பார்த்துவிடலாம். மீதி 68 மூட்டைக்குத்தான் அவகாசம் கேட்க வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: இதை எம்.டி.க்கோ அக்கவுண்ட்ஸுக்கோ சொல்லாமல் செய்தால், வரம்பைத் தாண்ட ஒரே கொள்முதலைத் துண்டுபோட்டார் என்று ஆடிட்டர் எழுதுவார், அப்படி எழுதினால் அது தவறும் அல்ல. இருபது மூட்டை வாங்குகிறேன், மீதி உங்கள் முடிவுக்கு நிற்கிறது என்று அன்றே ஒரு மெயில் போட்டுவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று மில்லில் 88 மூட்டை வீதம் நிறுத்தச் சொல்வது. ஒரே ஏஜென்ட் பல மில்லுக்கு விற்பது இங்கே சகஜம், விஷயம் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாதது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரே டி-ஷர்ட்டுக்குத் திருப்பூரில் நாலு நிறுவனங்களிடம் விலை கேட்டிருப்பார். நால்வரும் அதே கவுண்டில் நூலை நிறுத்தச் சொல்வார்கள். மில்லின் கண்ணுக்கு நாலு மடங்கு தேவை தெரியும். ஆர்டர் போவது ஒருவருக்கு மட்டும். இடைப்பட்ட வாரத்தில் 'சரக்கு இல்லைங்க, ரேட் டைட்டா இருக்கு' என்ற பேச்சு அவர்களே கிளப்பிவிட்டது.

ஒப்புதல் வராமல் போவதும் உண்டு. வெள்ளி காலையிலேயே தெரிந்துவிட்டால் மாலை 5 மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை. 'அண்ணா, இந்தத் தடவை ஆகலை, மூட்டையை விட்டுருங்க' என்று பத்து மணிக்குச் சொன்னால், ஏஜென்ட் அன்றே இன்னொருவருக்கு விற்றுவிடுவார். ஐந்து மணிக்குச் சொன்னால் அவருக்கு அடுத்த வாரம்தான். முடிவு வரவில்லை, இன்னும் ஒரு நாள் வேண்டும் என்றாலும் கெடு முடிவதற்கு முன்னால் கேட்க வேண்டும், ஒரு முறைதான் கேட்க வேண்டும். கெடு முடிந்து அரை மணி நேரம் கழித்துக் கேட்பவருக்கும் ஏஜென்ட் சரி என்பார். அடுத்த முறை அவர் குறித்து வைக்கும் கெடு நாம் சொன்ன தேதியாக இருக்காது.

ஒப்புதல் வந்து, பி.ஓ. போய், லாரி வாசலுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. நிறுத்தி வைத்த மூட்டைகளை நடுவில் யாருக்கோ கொடுத்துவிட்டு, அடுத்த லாட்டிலிருந்து ஈடுகட்டி அனுப்புவது நடக்கிறது. கெட்ட எண்ணத்தால்தான் என்றில்லை, கோடவுனில் ஏற்றுபவருக்கு நாம் எழுதியது தெரியாமலும் இருக்கலாம். இறக்கும்போது பி.ஓ.வில் இருக்கும் லாட் எண்ணை இன்வாய்ஸோடும், ஒவ்வொரு மூட்டையின் மேல் உள்ள அச்சோடும் ஒப்பிட வேண்டும். நாலைந்து மூட்டையைப் பிரித்து, கோனுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டையும் பார்க்க வேண்டும், மூட்டையின் மேல் ஒன்றும் உள்ளே இன்னொன்றும் இருப்பதுண்டு. சந்தேகமாக இருந்தால் இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் கோன்களை வரிசையாக வைத்தால், வேறு கலவையிலிருந்து வந்த கோன் பெரும்பாலும் தனி நிறத்தில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அந்த மூட்டைகளைத் தனியே ஒதுக்கி, படம் எடுத்து, டெலிவரி சலானிலேயே எழுதி, லாரி கிளம்பும் முன் ஏஜென்டைக் கூப்பிட வேண்டும். நிட்டிங்குக்குப் போன நூலைப் பற்றிச் சொல்லும் புகாரை எந்த மில்லும் காதில் வாங்காது.